பார்ட்னர் விலகும்போது ஆதாய விகிதமும் அவர் கணக்கு முடிப்பதும்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: க, ச, த மூவரும் லாபத்தைப் பிரிப்பது 5:3:2. ச விலகுகிறார். ஆதாய விகிதம் 5:2 தானே? விடைக்குறிப்பில் 1:2 என்று இருக்கிறது.

ஆதாய விகிதம் என்பது விலகுகிறவரின் பங்கு மிச்சமிருப்பவர்களுக்குக் கூடுகிற விகிதம். கணக்கின் கடைசி வரியைப் படியுங்கள். புதிய விகிதம் 3:2 என்று அங்கே கொடுத்திருப்பார்கள். மிச்சமிருப்பவர்களின் பழைய விகிதமே ஆதாய விகிதம் ஆவது, புதிய விகிதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாதபோது மட்டும்தான். சொல்லிவிட்டால் புதியதிலிருந்து பழையதைக் கழித்தே ஆக வேண்டும்.

எல்லாப் பின்னங்களின் பகுதியையும் பத்தாக்கிக்கொள்ளுங்கள். க முன்பு 5/10, இப்போது 3/5, அதாவது 6/10. அவருக்குக் கூடியது 1/10. த முன்பு 2/10, இப்போது 4/10. அவருக்குக் கூடியது 2/10. ஆகவே 1:2. கூடிய இரண்டையும் கூட்டினால் 3/10 வருகிறதா என்று பாருங்கள். அது ச விட்டுப்போன பங்கு. அந்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் எங்கோ பின்னம் தவறியிருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இதே கணக்கை வேறு வாசகத்திலும் கேட்பார்கள்: "ச-வின் பங்கில் மூன்றில் ஒரு பாகத்தை க-வும், மூன்றில் இரு பாகத்தைத் த-வும் எடுத்துக்கொண்டனர்." அப்போது ஆதாய விகிதம் 1:2 கையிலேயே இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது புதிய விகிதம்தான்.

கோவை, ஹார்டுவேர் கடை: எங்கள் மூவரில் ஒருவர் போகிறார், அதே 5:3:2. இனி நானும் சின்னவரும் பாதிப் பாதி. நான்தான் 5. குட்வில்லில் நான் எவ்வளவு தர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். குட்வில் என்பது கடையின் நற்பெயருக்கான மதிப்பு; பங்கு கூடுகிறவர்தான் அதற்குப் பணம் தர வேண்டும். உங்களுக்கு முன்பும் 5/10, இனியும் 5/10. கூடியது பூஜ்யம். போகிறவரின் 3/10 முழுவதும் சின்னவர் கைக்குப் போகிறது, அதனால் குட்வில்லை அவர் ஒருவரே கொடுக்க வேண்டும். குட்வில் 6 லட்சம் என்றால் 1,80,000-உம் அவர் மூலதனக் கணக்கில் பற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சுவார்த்தையில் புதிய விகிதம் உங்களுக்கு 2, அவருக்கு 3 என்று முடிந்தால், கடையில் இருக்கிற நீங்களே 1/10 விட்டுக்கொடுக்கிறீர்கள். சின்னவருக்குக் கூடுவது 4/10. அவர் 2,40,000 தர வேண்டும்: விலகுபவருக்கு 1,80,000, உங்களுக்கு 60,000. இந்த அறுபதாயிரத்தைப் பலரும் கேட்பதே இல்லை. விலகுகிறவருக்கு மட்டும்தான் குட்வில் என்று நினைத்துவிடுகிறார்கள்.

புதிய விகிதத்தைப் புதிய கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதிவிட்டீர்களா? வாய்ப்பேச்சில் பாதிப் பாதி என்று விட்டால் பின்னால் யாருக்கும் நினைவிருக்காது.

கரூர்: புதுப் பார்ட்னரைச் சேர்க்கும்போது தியாக விகிதம் எப்படிக் கண்டுபிடிப்பது?

அது சேர்க்கை. இங்கே விலகல். கழித்தலைத் திருப்பிப் போடுங்கள், பழையதிலிருந்து புதியது.

கணக்காளர், திருப்பூர்: விலகுபவருக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா? எங்கள் ஏட்டில் பழைய குட்வில் வேறு 50,000 நிற்கிறது.

மேலே உள்ள 5:3:2, புதியது 3:2, இதையே வைத்துக்கொள்வோம். விலகும் நாளன்று ச-வின் மூலதனம் 4,00,000. பொதுக்காப்பு 1,00,000. கட்டடம் 2,50,000 கூடுகிறது, சரக்கு 40,000 குறைகிறது, வராக்கடனுக்கு 10,000 ஒதுக்குகிறோம். மறுமதிப்பீட்டு லாபம் 2,00,000. குட்வில் 6,00,000. அந்த ஆண்டில் ச எடுத்த தொகை 25,000.

ச-வின் கணக்கில் வரவு வைப்பவை: மூலதனம் 4,00,000, காப்பில் 3/10 ஆன 30,000, மறுமதிப்பீட்டில் 60,000, குட்வில் 1,80,000. பற்று வைப்பவை: ஏட்டிலிருக்கும் பழைய குட்வில்லை நீக்கும்போது அவர் பங்கு 15,000, எடுப்பு 25,000. நிகரம் 6,30,000. இதுதான் அவருக்குத் தர வேண்டியது.

இதில் எது எந்த விகிதத்தில் என்பதில்தான் கைதவறுகிறது. காப்பு, மறுமதிப்பீடு, பழைய குட்வில் நீக்கம் மூன்றும் நேற்றுவரை நடந்தவை. அதனால் மூவருக்கும் பழைய விகிதம். ச-வின் குட்வில் பங்கான 1,80,000 மட்டும் ஆதாய விகிதத்தில் போகும்: க 60,000, த 1,20,000. பொதுக்காப்பை ஆதாய விகிதத்தில் பிரித்த ஏடுகள் நிறைய உண்டு. ஐந்தொகை சமமாகவே வரும் என்பதால் பிழை கண்ணில் படாது.

அதே கணக்காளர்: பழைய 50,000-ஐ நீக்குவானேன்? 6 லட்சத்தில் அதைக் கழித்து 5,50,000-க்கு மட்டும் ச-வுக்குப் பங்கு கொடுத்தால் 1,65,000. நீங்கள் சொன்ன 1,80,000-இல் 15,000 போனாலும் அதே 1,65,000 தானே?

பாதி சரி. ச-வுக்கு ஒரு பைசா வித்தியாசம் வராது. ஆனால் அந்த 50,000 உங்கள் ஏட்டிலேயே தங்கிவிடும். விலை கொடுத்து வாங்காத, தானாக வளர்ந்த குட்வில்லைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் தரம் 26 இடம் தருவதில்லை. பின்னால் க-வும் த-வும் அதைத் தங்கள் புதிய 3:2-இல் நீக்கினால் கடைசியில் அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். பழைய 5:2 என்று நினைத்து நீக்கினால் க-வுக்கு நஷ்டம். இந்தச் சுற்று எதற்கு? விலகும் நாளிலேயே நீக்கிவிடுங்கள்.

சேலம்: 6,30,000-ஐ ஒரே நாளில் எடுத்துக் கொடுக்க முடியாது. தவணை போடலாமா?

போடலாம். 1,30,000 ரொக்கம், மீதி 5,00,000 ச-வின் கடன் கணக்குக்கு. அன்றிலிருந்து அவர் கூட்டாளி அல்ல, கடன் கொடுத்தவர்.

பத்திரத்தில் "வருடம் ஒரு லட்சம் வட்டியுடன்" என்று எழுதாதீர்கள். அதற்கு இரண்டு பொருள் உண்டு. அசல் ஒரு லட்சமும் அதற்குமேல் 10 சதவீத வட்டியும் என்றால் முதல் வருடம் 1,50,000, அடுத்து 1,40,000 என்று குறைந்து ஐந்தாம் வருடம் 1,10,000 கட்டியதும் கணக்கு முடியும். வட்டியையும் உள்ளடக்கி ஒரு லட்சம் என்றால் முதல் தவணையில் 50,000 வட்டிக்கே போய், அசலில் 50,000 மட்டும்தான் குறையும். ஐந்து தவணை கட்டிய பிறகும் 1,94,745 பாக்கி நிற்கும். "அசல் ரூ.1,00,000, அதனுடன் ஆண்டுத் தொடக்க நிலுவையின் மீது வட்டி" என்று முழுசாக எழுதுங்கள்.

மதுரை: ஆதாய விகிதம் என்பது மீதி இருப்பவர்களின் பழைய விகிதம் தானே சார்?

முதல் பதில்.

ஈரோடு, ஜவுளி: போனவருக்குக் கணக்கே இன்னும் முடிக்கவில்லை, ஆறு மாதம் ஆகிறது. பத்திரத்தில் வட்டி பற்றி ஒன்றும் இல்லை. லாபத்தில் பங்கு கேட்கிறார். விலகியவருக்கு ஏது லாபம்?

கேட்கலாம். 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அது. கணக்கு முடிக்காமல் அவர் சொத்தையும் சேர்த்து வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ அவர் சொத்தைப் பயன்படுத்தியதால் வந்த லாபப் பங்கோ அவர் பெறலாம். இரண்டில் எது என்று தேர்ந்தெடுப்பது அவர். நீங்கள் அல்ல.

தர வேண்டியது 6,30,000 என்றே வைப்போம். மூவர் மூலதனமும் சேர்ந்து 18,00,000. ஆறு மாத லாபம் 1,20,000. வட்டி என்றால் 18,900. லாபம் என்றால் 1,20,000-இல் 18-க்கு 6.3 பங்கு, 42,000. அவர் எதைக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல்: அவருடைய பழைய பங்கு 3/10 தானே? 36,000 தானே வரும்?

வராது. லாப விகிதம் அவர் விலகிய நாளோடு போயிற்று. இப்போது கடையில் இருப்பது அவர் பணம் மட்டும். அதனால் மூலதன விகிதம்.

ஈரோடு, ஜவுளி: காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து இரவு பத்து வரை நிற்பது நாங்கள். அவர் பணம் தூங்கிக்கொண்டிருக்கிறது. 42,000 எங்கள் உழைப்பு!

கோவை, ஹார்டுவேர் கடை: அவர் பணம் இல்லாவிட்டால் சரக்கு எங்கிருந்து வந்திருக்கும்? உடனே கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இரண்டு பேருமே ஒரு நுனியைப் பிடித்திருக்கிறீர்கள். சட்டம் சொல்வது "சொத்தைப் பயன்படுத்தியதால் வந்த" லாபம். மொத்த லாபம் அல்ல. உழைப்புக்கான ஊதியத்தை முதலில் கழித்துவிட்டு மீதியைத்தான் பிரிக்க வேண்டும் என்று ஈரோட்டுக்காரர் வாதாடலாம், அதில் நியாயம் உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, வழக்குக்கு வழக்கு மாறும். பரீட்சையில் மட்டும் யாரும் கழிப்பதில்லை, 42,000 என்று எழுதுங்கள்.

ஈரோடு, ஜவுளி: அப்படியென்றால் சேலத்துக்காரர் மாதிரி கடனாக மாற்றிவிட்டால்?

அவர் கணக்கை ஒப்புக்கொண்டு, வட்டி விகிதத்துக்கும் கையெழுத்துப் போட்டால் அதன்பின் ஒப்பந்தம்தான் பேசும், 37 பேசாது. ஏற்கெனவே ஓடிய ஆறு மாதத்துக்கு என்ன என்பதை அதே பத்திரத்தில் தனி வரியாக எழுதுங்கள். அதை விட்டால் மறுபடி இங்கே வருவீர்கள்.

விலகுகிறவர்: என் கணக்கு முடிந்தது, பணமும் வந்தது. இனி கடைக் கடனுக்கு எனக்குச் சம்பந்தமில்லை அல்லவா?

இருக்கிறது. விலகியதற்குப் பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, நீங்கள் இன்னும் பார்ட்னர் என்று நம்பிச் சரக்கு கொடுக்கிறவருக்கு நீங்களும் பொறுப்பு. பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலாவது வெளியிட வேண்டும். விலகுவதற்கு முன் வாங்கிய வங்கிக் கடன் அறிவிப்பால் போகாது. வங்கி எழுத்தில் உங்களை விடுவிக்க வேண்டும்.

விருதுநகர்: இந்தத் தொகைக்கு வருமான வரி வருமா?

2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு அது தனிப் பாடம். கட்டடத்தையோ சரக்கையோ பணத்துக்குப் பதிலாகக் கொடுப்பதாக இருந்தால் பத்திரம் போடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

தஞ்சை: பார்ட்னர் இறந்துபோனால் ஆதாய விகிதம்?

கழித்தல் அதேதான். கணக்கை வாரிசு வாங்குவார். இறந்த நாள்வரை லாபம் மதிப்பிடுவது வேறு வேலை, அதைத் தனியாகக் கேளுங்கள்.

திண்டுக்கல்: சார், ஆதாய விகிதம் 5:2 தானே?

புதிய விகிதம் என்னவென்று சொல்லாமல் இதைக் கேட்காதீர்கள்.