அந்த 37 சதவீதம்

அன்புள்ள ஐயா,

நடுத்தர நிறுவனம் ஒன்றின் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறேன். சமீபத்தில் ஆறு வாரம் வீடியோ விளம்பரம் ஓட்டினோம். உடனே வாங்கச் சொல்லும் விளம்பரம் அல்ல, எங்கள் பெயர் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. பட்ஜெட் போதாததால் விற்பனைப் பகுதிகளில் ஏறக்குறைய பாதியில் மட்டும் ஓடியது. முடிந்ததும் ஏஜென்சிக்காரர்கள் கூகுள் டிரெண்ட்ஸ் படத்தைக் காட்டி, "பிராண்ட் தேடல் 52-இலிருந்து 71-க்குப் போயிருக்கிறது, 37 சதவீத வளர்ச்சி" என்றார்கள். நிதி மேலாளரோ, "விற்பனை அசையவில்லையே, தேடியவர்களை வைத்து நான் என்ன செய்வது?" என்கிறார். அறிக்கையில் எதை எழுதுவது? வாராந்திரத் தேடல் எண்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, பட்ஜெட் போதவில்லை என்பதுதான். விளம்பரம் எல்லா இடத்திலும் ஓடியிருந்தால் உங்கள் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்ல வழியே இருந்திருக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 37-ஐப் பார்த்துவிடலாம்.

கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவது எத்தனை பேர் தேடினார்கள் என்பதை அல்ல. அந்த வாரம், அந்த இடத்தில் நடந்த எல்லாத் தேடல்களிலும் உங்கள் பெயருக்குக் கிடைத்த பங்கைக் கணக்கிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறது. அதுவும் எல்லாத் தேடல்களையும் எண்ணி அல்ல, ஒரு மாதிரியை எடுத்து. அதனால் சிறிய பிராண்டுகளுக்கு ஒரே படத்தை இன்றும் நாளையும் எடுத்தால் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும். போதாக்குறைக்கு, படத்தை உற்றுப் பாருங்கள்: 52 என்பது விளம்பரத்துக்கு முந்தைய வாரங்களிலேயே மிகத் தாழ்ந்த வாரம், 71 என்பது ஓடிய ஆறு வாரங்களில் மிக உயர்ந்த வாரம். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு அளந்தால் எந்தக் கோடும் வளர்ந்துதான் தெரியும். ஏஜென்சி பொய் சொல்லவில்லை. தனக்குச் சாதகமான இரண்டு வாரங்களை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எனவே எண்ணிக்கைக்கு வேறு இடம் போக வேண்டும். முதல் தேர்வு சர்ச் கன்சோல், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் தேடல் அறிக்கை. சொந்தப் பெயரைத் தேடினால் உங்கள் தளம் அநேகமாக எப்போதும் முடிவுகளில் வரும். ஆகவே அந்தச் சொல்லுக்கான இம்ப்ரெஷன், அதாவது உங்கள் தளம் முடிவுகளில் காட்டப்பட்ட எண்ணிக்கை, தேடல் எண்ணிக்கைக்கு மிக அருகில் நிற்கும். ஆனால் அதில் நாடு வாரியாகத்தான் பிரிக்க முடியும், நாட்டுக்குள் பகுதி வாரியாக முடியாது. உங்களுக்கு வேண்டியதோ பகுதி. நல்லவேளை, உங்கள் பெயருக்கு நீங்களே தேடல் விளம்பரமும் ஓட்டுகிறீர்கள். கூகுள் ஆட்ஸ் கணக்கில் அந்தக் கேம்பெய்னின் இம்ப்ரெஷன்களைப் பகுதி வாரியாக எடுக்கலாம்.

அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஏல விலையையோ தினசரி பட்ஜெட்டையோ நடுவில் கூட்டியிருந்தால் தேடியவர்கள் கூடாமலே இம்ப்ரெஷன் கூடிவிடும். அதனால் இம்ப்ரெஷனை அப்படியே எடுக்காமல், வரத் தகுதியிருந்த தடவைகளில் எத்தனை சதவீதம் விளம்பரம் உண்மையில் வந்தது என்று காட்டும் Search impr. share என்ற பத்தியால் வகுக்க வேண்டும். 3,600 இம்ப்ரெஷன், பங்கு 90 சதவீதம் என்றால், விளம்பரம் வரத் தகுதியிருந்த தேடல்கள் சுமார் 4,000. உங்கள் தாளில் இதை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். பெயரை மட்டும் தட்டிய தேடல்களைத் தனியாகவும் எடுத்திருக்கிறீர்கள். இதில் அவசியமான வேலை அந்த இரண்டாவதுதான்.

ஏன் என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு பெரிய விளம்பரம் ஓடிய மூன்றாவது வாரம் பிராண்ட் தேடல் செங்குத்தாக ஏறியது. மேலிடத்துக்கு மகிழ்ச்சியாக மின்னஞ்சல் அனுப்பினோம், பாராட்டும் வந்தது. பத்து நாள் கழித்துத்தான் யாரோ தேடல் சொற்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறியதில் பெரும்பங்கு, பெயரோடு "லாகின் ஆகவில்லை", "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடியவர்கள். அந்த வாரம் எங்கள் செயலி இரண்டு நாள் படுத்துவிட்டிருந்தது. கோபத்தில் தேடியவர்களைத்தான் விளம்பரத்தின் வெற்றி என்று எழுதியிருந்தோம். திருத்த மின்னஞ்சலை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது, அதை இன்றும் மறக்கவில்லை.

பழைய வாடிக்கையாளர்களில் பலர் முகவரியைத் தட்டாமல் பெயரைத் தேடித்தான் தளத்துக்கு வருகிறார்கள். அவர்களும் இந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பெயரைக் கேள்விப்பட்டவர் பெரும்பாலும் பெயரை மட்டும் தேடுவார், அல்லது பெயரோடு "விலை", "எப்படி இருக்கும்" என்று சேர்ப்பார். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கோட்டில் போட்டால் எது விளம்பரத்தால் வந்தது என்று தெரியவே தெரியாது.

சரி, இப்போது உங்கள் தாள். எண்களைக் கொஞ்சம் தோராயமாக்கிக்கொள்கிறேன். விளம்பரம் ஓடிய பகுதிகளில் முந்தைய பன்னிரண்டு வாரங்களின் சராசரி வாரத்துக்கு 4,000 தேடல், ஓடிய ஆறு வாரங்களில் 5,200. அதாவது 30 சதவீத ஏற்றம். ஆனால் ஓடாத பகுதிகளைப் பாருங்கள்: அதே காலத்தில் 6,000-இலிருந்து 6,900. விளம்பரமே பார்க்காத இடத்தில் 15 சதவீதம்! சீசன் தொடங்கியிருக்கலாம், போட்டியாளர் ஒருவரின் விளம்பரம் அந்த வகைப் பொருளையே பேச்சில் கொண்டுவந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், விளம்பரம் ஓடிய பகுதிகளுக்கும் இந்த 15 சதவீதம் சும்மாவே கிடைத்திருக்கும்.

இதைக் கழிக்க நான் பயன்படுத்துவது ஒரு விகிதம்தான். ஒவ்வொரு வாரமும் ஓடிய பகுதியின் தேடலை ஓடாத பகுதியின் தேடலால் வகுத்துக்கொள்ளுங்கள். முன்பு 4,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் 0.667. விளம்பரத்தின்போது 5,200-ஐ 6,900-ஆல் வகுத்தால் 0.754. விகிதம் பழையபடியே இருந்திருந்தால் ஓடிய பகுதியில் வாரத்துக்கு 4,600 தேடல் வந்திருக்கும். கூடுதலாக வந்தது 600, ஏறக்குறைய 13 சதவீதம். ஆறு வாரத்துக்கு 3,600 தேடல்.

இத்தோடு நிறுத்தினால் நிதி மேலாளர் இன்னொரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்: இந்த விகிதம் விளம்பரம் இல்லாதபோதும் ஆடுமே? ஆடும். உங்கள் பன்னிரண்டு வாரங்களில் மிகக் குறைவு 0.63, மிக அதிகம் 0.70. விளம்பரம் ஓடிய ஆறு வாரங்களில் ஐந்து 0.73-க்கு மேல். முதல் வாரம் மட்டும் 0.69, அது வழக்கமான ஆட்டத்துக்குள்தான். ஐந்து வாரம் தொடர்ந்து வரம்புக்கு வெளியே நிற்பது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஒருவேளை எல்லா வாரமும் 0.70-ஐ ஒட்டி நின்றிருந்தால், எவ்வளவு ஆசையிருந்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

விளம்பரம் நின்றபின் நான்காவது வாரத்தில் விகிதம் மறுபடி 0.69. இது கொஞ்சம் கசப்பான செய்தி. ஓடும்வரை ஆர்வம் எழுந்தது, அடிமட்டம் உயர்ந்து அப்படியே நின்றதற்கு அடையாளம் இல்லை. பெயர் பதிய வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் உச்சத்தைவிட இந்த வால்பகுதியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். ஆறு வாரத்தில் அடிமட்டம் நகராததில் எனக்கு ஆச்சரியமில்லை.

13 சதவீதத்தையும் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேடியவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கூகுள் ஊகித்துத்தான் சொல்கிறது. எல்லை தாண்டிப் பயணிப்பவர்களும் உண்டு, வீடியோவை யாராவது பகிர்ந்திருந்தால் ஓடாத பகுதிக்கும் போயிருக்கும். இவையெல்லாம் இரு பகுதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் குறைத்துக்காட்டும்.

இப்போது விற்பனைக்கு வருவோம். இங்கே மார்க்கெட்டிங் ஆட்கள் ஆசையாகச் செய்யும் ஒரு கணக்கு உண்டு: பிராண்ட் தேடலில் வருபவர்களில் 8 சதவீதம் வாங்குகிறார்கள், ஆகவே 3,600 தேடலுக்கு 288 விற்பனை. தயவுசெய்து இதை எழுதாதீர்கள். அந்த 8 சதவீதம் வழக்கமாகத் தேடி வருபவர்களுடையது, அதில் பலர் ஏற்கெனவே வாங்க முடிவுசெய்தவர்கள். விளம்பரம் பார்த்து "இது என்ன?" என்று தட்டிப் பார்த்தவர் அவ்வளவு சீக்கிரம் வாங்க மாட்டார். அதோடு ஒருவரே மூன்று முறை தேடினால் அது மூன்று தேடல், ஓர் ஆள்தான். உங்களுடைய பொருள் யோசித்து வாங்குவது, மாதக்கணக்கில் ஆகலாம். நாலு வாரத்தில் விற்பனை அசையாததை வைத்து விளம்பரம் வீண் என்று மேலாளரும் சொல்ல முடியாது. விற்பனையையும் இதே இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இதே விகிதத்தை இன்னும் ஆறு மாதம் பார்க்கச் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். கூடுதலாகத் தேடியவர்களில் யாராவது வாங்கினால், கடைசிக் கிளிக்கை வைத்துப் பார்க்கும் உங்கள் அறிக்கை அந்தப் பெருமையைத் தேடல் விளம்பரத்துக்கே கொடுக்கும். வீடியோவுக்குப் பூஜ்யம். அதைப் பார்த்து வீடியோ பணத்தைத் தேடல் விளம்பரத்துக்கு மாற்றிய நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் தேடுபவர்களே குறைந்துபோய், தேடல் விளம்பரம் ஏன் மந்தமாகிவிட்டது என்று கூட்டம் போடுவார்கள்.

அறிக்கையில் நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான்: "விளம்பரம் ஓடிய பகுதிகளில், ஓடாத பகுதிகளோடு ஒப்பிட்டால், பெயர்த் தேடல் வாரத்துக்குச் சுமார் 600 கூடியது. நின்ற நான்கு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. விற்பனையில் விளைவு இன்னும் தெரியவில்லை." 37-ஐக் குறிப்பிடவே வேண்டாம்.

அடுத்த முறை பட்ஜெட் தாராளமாகக் கிடைத்தாலும் சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். எவற்றை விடுவது என்பதை ஓடத் தொடங்கும் முன்பே, பழைய விகிதம் குறைவாக ஆடும் ஜோடியாகப் பார்த்து முடிவுசெய்து எழுதிவையுங்கள். ஓடி முடிந்தபின் ஒப்பிடும் பகுதியைத் தேர்ந்தெடுத்தால், ஏஜென்சி இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்த கதைதான். அப்புறம், சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். போன சீசன் எண்கள் கைவிட்டுப் போகும் முன் இந்த வாரமே இறக்கி வைத்துவிடுங்கள்.