கார்டில் விற்ற பணம் வங்கிக்கு வந்து சேரும்வரை: கேள்வி பதில்

ஈரோட்டில் சின்னக் கடைகளுக்கும் ஆன்லைனில் விற்பவர்களுக்கும் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கார்டில் வரும் பணத்தை வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனங்களோடு உள்ள கணக்கு பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

சென்னிமலையில் பெட்ஷீட் விற்கிறேன் அக்கா. திங்கட்கிழமை கார்டில் மூணு பில், மொத்தம் 8,000. புதன்கிழமை வங்கிக்கு 7,815.88 வந்திருக்கு. 2 சதவீதம் ஃபீஸ், அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 188.80 பிடிக்கணும். 184.12தான் பிடிச்சிருக்காங்க. 4.68 எங்க இடிக்குது? டாலியில் எப்படிப் போடறது?

மொத்தத்தில் சதவீதம் போட்டதால்தான் இடிக்கிறது தம்பி. பில் பில்லாகப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் 2,500, 4,200, 1,300 என்று மூன்று பில் இருக்கிறது. ஃபீஸ் 50, 84, 26, ஆக 160 ரூபாய். ஜிஎஸ்டி முதல் பில்லுக்கு 9 ரூபாய், இரண்டாவதுக்கு 15.12. மூன்றாவதுக்கு இல்லை. கார்டில் ஒரு தடவை தேய்த்த தொகை 2,000 ரூபாய்க்குள் இருந்தால், அதை வசூலித்துத் தரும் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வங்கிகளுக்கு மட்டுமா, உங்கள் கேட்வே போல ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கும் பொருந்துமா என்று ரொம்ப நாள் இழுபறியாக இருந்தது. 2024 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அக்ரிகேட்டர்களுக்கும் உண்டு என்று தெளிவுபடுத்திவிட்டது. 26 ரூபாய்க்கு 18 சதவீதம் எவ்வளவு? அதே 4.68.

இனி டாலி. 'கேட்வே வசூல்' என்று நடப்புச் சொத்தின் கீழ் ஒரு லெட்ஜர் திறங்கள். திங்கட்கிழமை மூன்று பில்லையும் முழுத் தொகைக்கு விற்பனையாகப் போட்டு, 8,000 ரூபாயையும் அந்த லெட்ஜரில் பற்று வையுங்கள். அன்று வங்கியைத் தொட வேண்டாம். புதன்கிழமை இப்படி:

```
வங்கி               பற்று    7,815.88
கேட்வே கட்டணம்     பற்று      160.00
ஐஜிஎஸ்டி உள்வரி    பற்று       24.12
   கேட்வே வசூல்     வரவு    8,000.00
```

ஐஜிஎஸ்டி என்று போட்டது, உங்கள் கேட்வேயின் ஃபீஸ் பில் கர்நாடகப் பதிவிலிருந்து வருவதால். தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் பாதி சிஜிஎஸ்டி, பாதி எஸ்ஜிஎஸ்டி. ஃபீஸ் பில் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். அது ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்த பிறகே உள்வரியை எடுங்கள்.

நான் வங்கியில் வந்த தொகையையே விற்பனைன்னு போட்டுடறேன். லாபம் எப்படியும் அதேதானே வருது மேடம்? (கரூர், வீட்டு உபயோகப் பொருள்)

லாபம் கிட்டத்தட்ட அதே என்பது சரிதான். ஆனால் விற்பனை குறைந்துவிடுகிறதே! வாடிக்கையாளருக்கு 2,500க்கு பில் கொடுத்துவிட்டு 2,441க்கு விற்றதாக எழுதினால், ஜிஎஸ்டிஆர்-1இல் நீங்கள் காட்டியதும் புத்தகத்தில் இருப்பதும் ஒட்டாது. 9 ரூபாய் உள்வரியும் போச்சு. நீங்கள் 44ஏடி முறையில் கணக்குக் காட்டுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மொத்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் கணக்கிடுவது. கேட்வே கட்டணத்தைத் தனியாகக் கழிக்க வழியே இல்லை, நீங்கள் எழுதும் முறையில் அது தானாகக் கழிந்து நிற்கிறது.

எனக்கு இது அனுபவத்தில் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்கு வருடம் முழுக்க இப்படித்தான் எழுதினேன். மார்ச்சில் உட்கார்ந்து ஒவ்வொரு செட்டில்மெண்டையும் பிரித்துத் திருப்பி எழுத மூன்று வாரம் ஆனது.

நான் காம்போசிஷன் டீலர். எனக்கும் அந்த 24 ரூபாய் கிடைக்குமா? (பவானி)

கிடைக்காது. வரியையும் சேர்த்து 184.12ஐ அப்படியே செலவில் போட்டுவிடுங்கள்.

போன வாரம் கார்டில் 3,000 கட்டினேன். கடைக்காரர் "பணம் இன்னும் வரல"ங்கிறார். என் பணம் மாட்டிக்கிச்சா?

இது விற்பவர்களுக்கான கேள்வி பதில், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வங்கி அந்த நிமிடமே சம்மதம் சொல்லியிருக்கும். அதன்பின் உங்கள் வங்கியிலிருந்து கடைத் தரப்பு வங்கிக்கும், அங்கிருந்து அக்ரிகேட்டரின் எஸ்க்ரோ கணக்குக்கும், கடைசியாகக் கடைக்கும் பணம் போக வேண்டும். அதற்குத்தான் இரண்டு வேலை நாள். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால், கடைக்காரரைத் தன் கேட்வே திரையில் அது 'captured' என்று காட்டுகிறதா, 'authorized' என்றே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் வங்கி சம்மதித்தது, கடைப் பக்கம் பிடித்துக்கொள்ளவில்லை. அது உங்களுக்கே திரும்பிவிடும்.

அக்கா, சென்னிமலைதான் மறுபடியும். வெள்ளிக்கிழமை விற்றது செவ்வாய்க்கிழமைதான் வருது. மார்ச் கடைசியில் விற்கிறது ஏப்ரலில் வரும். எந்த வருஷத்து விற்பனை அது?

விற்ற வருடத்துடையது. மார்ச் 31 அன்று கேட்வே வசூல் லெட்ஜரில் மீதி நிற்பது இயல்பு, அது வர வேண்டிய பணம், இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகப் போகும். ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால் இன்னும் ஒரு நாள் தள்ளும். ஏப்ரலில் வந்தாலும் 44ஏடியில் 6 சதவீதமே பொருந்தும், வருமான வரி ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள் வங்கி வழி வந்துவிட்டால் போதும்.

இந்த லெட்ஜரின் பெரிய உபயோகமே அந்த மீதிதான். எந்த நாள் பார்த்தாலும் அது கடைசி இரண்டு வேலை நாள் விற்பனைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பழையது ஏதோ மாட்டியிருக்கிறது. என்னிடம் எழுதும் ஒரு துணிக்கடையில் 6,400 ரூபாய் மூன்று மாதமாக அசையாமல் நின்றது. தோண்டினால், ஒரு வாடிக்கையாளர் "நான் வாங்கவே இல்லை" என்று தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார், கேட்வே அந்தத் தொகையைப் பின்னால் வந்த செட்டில்மெண்டில் பிடித்துவிட்டது. கூரியர் ரசீதோடு பதில் சொல்லக் கொடுத்த கெடு முடிந்திருந்தது. வாரம் ஒருமுறை மீதியைப் பார்த்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

ரிட்டர்ன் வந்தா? 2,500 பெட்ஷீட்டைத் திருப்பிட்டாங்க.

முழு 2,500க்கு கிரெடிட் நோட் போட்டு, கேட்வே வசூலில் வரவு வையுங்கள். அடுத்த செட்டில்மெண்டில் அவ்வளவு குறைந்து வரும், லெட்ஜர் நேராகிவிடும். 50 ரூபாய் ஃபீஸ் பெரும்பாலும் திரும்பாது, செலவாகவே நிற்கட்டும். பொருளை மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவெடுக்கும்போது இந்த ஐம்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்வே கட்டணத்துக்கு டிடிஎஸ் பிடிக்கணும்னு எங்க ஆடிட்டர் சொல்றார், நண்பரோட ஆடிட்டர் வேண்டாங்கிறார். (திருப்பூர், விற்பனை கோடியைத் தாண்டியது)

இருவர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது சார். வங்கிக்குக் கொடுக்கும் கார்டு கமிஷனுக்கு டிடிஎஸ் வேண்டாம் என்று 2012 கடைசியில் அரசு அறிவிப்பு வந்தது. உங்கள் கட்டணமோ வங்கி அல்லாத அக்ரிகேட்டருக்குப் போகிறது. அந்த அறிவிப்பு அவர்களையும் தொடுமா என்பதில்தான் ஆடிட்டர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கட்டணம் உங்கள் கைக்கு வராமலே கழிக்கப்படுவதால், பிடிக்க முடிவு செய்தால் வரியைக் கைக்காசிலிருந்து கட்டி, கேட்வேயிடம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்வேயிடம் அதற்கு வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு, உங்கள் கணக்கில் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் சொல்வதையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.