வோல்டேஜ் விழுந்தால் பெட்டிச் சூடும் விழ வேண்டுமா?

*"மிளகாய் காயவைக்க 500 வாட் ஹீற்றர் போட்டு ஒரு பெட்டி செய்திருக்கிறேன். ரிலேக்குப் போகும் கட்டளையை 3 வோல்டில் வைத்தால் உள்ளே 60 பாகை வரும் என்று கணக்குப் பார்த்து வைத்தேன். பகலில் அப்படியே வருகிறது. இரவு 7 மணிக்கு மேல் எங்கள் லைனில் 230 வோல்ட் 207க்கு இறங்கிவிடும், பெட்டியும் 54க்கு வந்துவிடும். பின்னூட்டல் போட்டால் சரியாகும் என்று தொழில்நுட்பக் கல்லூரியில் சொன்னார்கள். 1/(1+KG) என்று பாடமும் இருக்கிறது. ஆனால் ஹீற்றரும் அதேதான், லைனும் அதேதான். அப்படியிருக்கப் பின்னூட்டல் எதைத்தான் மாற்றுகிறது?"*
— வாசகர், சுன்னாகம்

கட்டளையை மாற்றுகிறது. அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு மாற்றுகிறது, ஏன் அந்த அளவோடு நின்றுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் பெட்டியின் எண்களையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த ஆறு பாகை எங்கே போனது என்று பார்க்க வேண்டும். 207 என்பது 230இல் 90 சதவீதம். வோல்டேஜ் பத்து சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் ஹீற்றர் கம்பியின் தடை கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால், அதன் வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 0.9இன் வர்க்கம் 0.81. ஆகவே உங்கள் 500 வாட் ஹீற்றர் இரவில் 405 வாட் ஹீற்றர்தான்.

நீங்கள் தந்த எண்களின்படி, வெளிச்சூடு 30 பாகை என்று எடுத்தால், 3 வோல்ட் கட்டளைக்குப் பெட்டி 30 பாகை ஏறுகிறது. ஒரு வோல்டுக்கு 10 பாகை. இதுதான் பெட்டியின் நயம், G. கட்டளை 0 முதல் 5 வோல்ட் வரை போகும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளை கூடக் கூட ரிலே ஹீற்றரை அதிக நேரம் எரியவிடும். 5 வோல்டில் ஹீற்றர் முழு நேரமும் எரியும், பெட்டி 50 பாகை ஏறும். இரவில் G பத்திலிருந்து 8.1 ஆகிறது. கட்டளை அதே 3 வோல்ட். ஏற்றம் 24.3 பாகை, பெட்டிச் சூடு 54.3. உங்கள் வெப்பமானி காட்டியது இதைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். G 19 சதவீதம் குறைந்தது, சூட்டின் ஏற்றமும் சரியாக 19 சதவீதம் குறைந்தது. சூட்டைப் பார்க்காமல் கட்டளையை மட்டும் அனுப்பும் திறந்த தடத்தில் எப்போதும் இப்படித்தான். பெட்டியில் என்ன மாற்றம் வந்தாலும் அது முழுதாக வெளியீட்டில் வந்து விழும். 3 வோல்ட் என்ற கணக்கை நீங்கள் எவ்வளவு நுட்பமாகப் போட்டிருந்தாலும் இதில் ஒரு புள்ளிகூடக் குறையாது, ஏனென்றால் அது 230 வோல்டில் போட்ட கணக்கு.

லைன் வோல்டேஜை அளந்து அதற்கேற்பக் கட்டளையைக் கூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், நல்ல வழிதான். ஆனால் அது வோல்டேஜுக்கு மட்டும் மருந்து. ஈர மிளகாய் போட்ட முதல் சில மணி நேரம், நீர் ஆவியாவதற்கே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். கதவு றப்பர் தளர்ந்தால் காற்று கசியும். இவையும் G-ஐத்தான் குறைக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்துகொண்டிருக்க முடியாது. பின்னூட்டல் காரணத்தைக் கேட்பதில்லை, விளைவை மட்டும் பார்க்கிறது.

சரி, இப்போது தடத்தை மூடுவோம். பெட்டிக்குள் ஒரு வெப்ப உணரி. வேண்டிய சூட்டிலிருந்து உணரி காட்டும் சூட்டைக் கழித்து, வரும் வித்தியாசத்தை K-ஆல் பெருக்கிக் கட்டளையாக அனுப்புகிறோம். K-ஐ ஒரு பாகைக்கு 1.9 வோல்ட் என்று வைக்கிறேன். K-யும் G-யும் சேர்ந்த தட நயம் 1.9 × 10 = 19. மூடிய தடத்தின் மொத்த நயம் இது:

```
T = KG / (1 + KG) = 19 / 20 = 0.95
```

அதாவது 31.58 பாகை ஏற வேண்டும் என்று கேட்டால் 30 பாகைதான் ஏறும். பரவாயில்லை, குமிழை 60க்குப் பதிலாக 61.58இல் வையுங்கள், பகலில் பெட்டி சரியாக 60இல் நிற்கும். அப்போது வித்தியாசம் 1.58 பாகை, கட்டளை 1.9 × 1.58 = 3 வோல்ட். திறந்த தடத்தில் நீங்கள் கையால் வைத்த அதே 3 வோல்ட்தான்.

இரவாகிறது. G 8.1 ஆகிறது. பெட்டிச் சூடு இறங்கத் தொடங்குகிறது. இறங்க இறங்க வித்தியாசம் 1.58ஐத் தாண்டுகிறது, கட்டளையும் 3 வோல்டைத் தாண்டி ஏறுகிறது. எங்கே நிற்கும்? தட நயம் இப்போது 1.9 × 8.1 = 15.39. T = 15.39/16.39 = 0.939. ஏற்றம் 31.58 × 0.939 = 29.65 பாகை. பெட்டிச் சூடு 59.65. வித்தியாசம் 1.93, கட்டளை 3.66 வோல்ட். சரிபார்க்க விரும்பினால் 3.66ஐ 8.1ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 29.65 வரும்.

முன்பு 5.7 பாகை விழுந்த இடத்தில் இப்போது 0.35 பாகை. ஹீற்றர் பலவீனமானதும் அதற்குக் கூடுதலாக 0.66 வோல்ட் கட்டளை போயிருக்கிறது. அதை யாரும் கூட்டவில்லை, சூடு இறங்கியதே கூட்டிவிட்டது.

அந்த 0.35 பாகையும் ஏன் மிஞ்சுகிறது? சூடு முழுதாகத் திரும்பி 60க்கு வந்துவிட்டால் வித்தியாசம் மறுபடி 1.58 ஆகும், கட்டளையும் 3 வோல்டுக்குத் திரும்பும். பலவீனமான ஹீற்றருக்கு அது போதாது, பெட்டி மறுபடி இறங்கும். கூடுதல் 0.66 வோல்டைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் கூடுதல் வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும். 0.66ஐ K-ஆல், அதாவது 1.9ஆல் வகுத்தால் 0.35. K பெரிதானால் இந்த மிச்சம் சிறிதாகும் என்பதும் இதிலேயே தெரிகிறது. பாடத்தில் வகையீட்டைப் போட்டு 1/(1+KG) என்று முடித்துவிடுகிறார்கள். மாணவர்கள் இந்த இடத்தைப் பார்க்காமலே பரீட்சை எழுதிவிட்டு வருகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

அந்தச் சூத்திரத்தோடு ஒப்பிட்டால் ஒரு சின்ன இடறல் வரும். 19 சதவீதத்தை 20ஆல் வகுத்தால் 0.95 சதவீதம். நமக்கு வந்ததோ 30இல் 0.35, அதாவது 1.16 சதவீதம். கணக்குப் பிழையல்ல. 1/(1+KG) மிகச் சிறிய மாற்றங்களுக்கான விதி. மாற்றம் பெரிதென்றால், மாறிய பின் உள்ள தட நயத்தைக் கொண்டு வகுக்க வேண்டும்: 19/16.39 = 1.16. இது தோராயமல்ல, துல்லியமான விடை. G குறையும்போது அதைச் சமாளிக்கும் தடமும் சேர்ந்தே பலவீனமாகிறது என்பதுதான் இதன் பொருள்.

இந்த நன்மை இலவசமாக வரவில்லை. திறந்த தடத்தில் 30 பாகைக்கு 3 வோல்ட், அதாவது ஒரு பாகைக்கு 0.1 வோல்ட் போதுமாக இருந்தது. இப்போது K 1.9. பத்தொன்பது மடங்கு நயத்தை வாங்கி, அதன் பெரும்பகுதியைக் கழித்தலிலேயே செலவழிக்கிறோம். பெல் ஆய்வுகூடத்தில் ஹரோல்ட் பிளாக் 1927இல் தொலைபேசி விரியலாக்கிகளுக்குச் செய்ததும் இதுதான். வெற்றிடக் குழாய்களின் நயம் நிலையாக இல்லை, அதனால் தேவைக்கு மிக அதிகமான நயத்தைக் கட்டி, அதைப் பின்னூட்டலில் விட்டுக்கொடுத்து, நிலைத்தன்மையை வாங்கினார்.

அப்படியானால் K-ஐ இன்னும் கூட்டலாமே? பகலில் 60 வரும்படி குமிழைச் சரிசெய்துகொண்டால், K 0.4 என்றால் இரவு வீழ்ச்சி 1.34 பாகை, 4.9 என்றால் 0.14 பாகை. காகிதத்தில் கூட்டிக்கொண்டே போகலாம். பெட்டியில் முடியாது, ஏனென்றால் ஹீற்றர் சூடேறவும், காற்று சுழலவும், உணரி அறியவும் நேரம் எடுக்கும். K 4.9 ஆனால் ஒரே ஒரு பாகைக்குள் கட்டளை பூச்சியத்திலிருந்து 5 வோல்டுக்குப் பாய்ந்துவிடும். உணரி சொல்வது பழைய செய்தி. அதைக் கேட்டு ஹீற்றர் தாண்டிப் போகும், பிறகு மறுபக்கம் தாண்டும். சூடு சீரான இடைவெளியில் ஏறி இறங்கி, அந்த ஆட்டம் அடங்காமல் இருந்தால் K கூடிவிட்டது என்று அறிந்து குறையுங்கள். மிஞ்சும் 0.35ஐயும் போக்க வேண்டுமென்றால் வித்தியாசத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் தொகையீட்டுப் பகுதி சேர்த்த கொன்ட்ரோலர் போடலாம். மிளகாய்க்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

எந்தப் பின்னூட்டலாலும் தாண்ட முடியாத எல்லையும் ஒன்று உண்டு. இரவில் 5 வோல்ட் முழுதாகக் கொடுத்தாலும் 8.1 × 5 = 40.5 பாகைதான் ஏறும். பெட்டியை 75 பாகையில் வைத்திருந்தால், 45 பாகை ஏற்றத்துக்கு இரவில் 5.56 வோல்ட் வேண்டும். அது இல்லை. ரிலேயின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, சூடு மட்டும் ஏறாமல் நின்றால் இதுதான் நடக்கிறது. அப்போது K-ஐத் திருகிப் பயனில்லை, பெரிய ஹீற்றர்தான் வேண்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கல்லூரி ஆய்வுகூடத்தில் இருக்கும். முதலில் பின்னூட்டலைத் துண்டித்து, 3 வோல்டில், 230க்கும் 207க்கும் சூட்டைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் சூடு நிலைபெறும்வரை பொறுத்திருங்கள். பிறகு பின்னூட்டலோடு அதையே செய்யுங்கள். வீழ்ச்சிகளின் விகிதம் ஏறத்தாழ 16 வர வேண்டும். நாலு, ஐந்து என்று வந்தால் உண்மையான K நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

கடைசியாக உணரி. ஹீற்றரைப் பற்றிய கவலையை எடுத்து உணரியின் தலையில் வைத்துவிட்டீர்கள். ஹீற்றரின் 19 சதவீதக் குறையை விழுங்கிய இதே தடம், உணரியின் பிழையை விழுங்காது. அது 2 பாகை குறைத்துக் காட்டினால் பெட்டி 1.9 பாகை கூடுதலாகச் சூடாகும், 19/20 பங்கு அப்படியே வரும். மலிவான ஹீற்றர் வாங்கினாலும் உணரியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அதை ஹீற்றருக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல், மிளகாய்த் தட்டின் மட்டத்தில் வையுங்கள். வயரை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். உணரி கழன்று பெட்டிக்கு வெளியே விழுந்தால் அது 30 பாகை என்று காட்டும். கொன்ட்ரோலர் அதை நம்பி முழு 5 வோல்டையும் கொடுக்கும், பகலில் பெட்டி 80 பாகைக்குப் போகும். ஆகவே ஹீற்றர் லைனில், கொன்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், 70 பாகையில் தானாக வெட்டிவிடும் தேர்மொஸ்ராற் ஒன்றைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.