ஒரே விளையாட்டையே ஆடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ப்ளே தெரபி பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"எங்கள் மகனுக்கு நாலரை வயது. ஐந்து வாரமாக ப்ளே தெரபிக்குக் கூட்டிப் போகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே விளையாட்டைத்தான் ஆடுகிறானாம். வீட்டில் அடம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. இதில் என்னதான் நடக்கிறது? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?"

குழந்தை வாயால் சொல்ல முடியாததை விளையாட்டு வழியாக வெளியே கொண்டுவர உதவும் சிகிச்சைதான் ப்ளே தெரபி. அப்படிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான் பல வருடமாக என் தொழில். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் அநேகமாக எல்லாப் பெற்றோரும் இதைக் கேட்பார்கள். ஒரே விளையாட்டு என்பதை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அந்த விளையாட்டுக்குள் ஏதாவது நகர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் கதையோடு சொன்னால் புரியும். அடையாளம் தெரியாமலிருக்க இரண்டு மூன்று குழந்தைகளின் விவரங்களைக் கலந்திருக்கிறேன்.

அவளுக்கு நாலு வயது. ஒரு நாள் ராத்திரி அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு உடம்பு மோசமாகி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். காலையில் எழுந்தால் அம்மா இல்லை. 18 நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். "அம்மாதான் நல்லபடியா வந்துட்டாளே, இனி என்ன?" என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் படுக்கையில் சிறுநீர் போக ஆரம்பித்தாள். அம்மா குளியலறைக் கதவைச் சாத்தினால் அலறினாள். மற்ற குழந்தைகளை அடித்தாள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால் "தெரியாது" என்பாள். அது பொய் இல்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அந்த வயதில் பயமும் கோபமும் உடம்பில்தான் இருக்கும். அவற்றுக்குப் பெயர் வைத்து, நடந்ததோடு கோத்துச் சொல்லும் திறமை இன்னும் வந்திருக்காது.

என்னிடம் கூட்டி வந்தார்கள். முதல் வாரம் என் அறைக் கதவை ஒட்டியே நின்றாள். இரண்டாவது வாரம் பொம்மை வீட்டில் எல்லாப் பொம்மைகளையும் வரிசையாகப் படுக்க வைத்தாள். பிறகு ஒரு பெரிய பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு அறையின் மறுமூலையில் இருந்த மணல் தொட்டிக்குப் போய் ஆழமாகப் புதைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரமும் அதேதான்.

அந்த நேரத்தில் நான் செய்வது ரொம்பக் குறைவு. "இவங்களை மணலுக்குள்ள வெச்சுட்டே. வீட்ல யாருக்கும் தெரியலை" என்று, பார்த்ததை அப்படியே சொல்வேன். 'அம்மா பொம்மை' என்றுகூட அவளாகச் சொல்லாமல் நான் சொல்ல மாட்டேன். எனக்கு அம்மாவாகத் தெரிவது அவளுக்கு டாக்டராக இருக்கலாம், ஒரு மரக்கட்டை ஆம்புலன்ஸாக இருக்கலாம். "உங்க அம்மா போனப்ப உனக்குப் பயமா இருந்ததா?" என்று கேட்கவே மாட்டேன். அது பொம்மைக்கு நடக்கிறது, தனக்கு இல்லை என்ற அந்த இடைவெளி இருப்பதால்தான் அவளால் அதைத் தொட முடிகிறது. கேள்வி கேட்டு அதை உடைத்தால் விளையாட்டும் நின்றுவிடும்.

நாலாவது வாரத்தில் ஒரு சின்ன மாற்றம். சின்னப் பொம்மை எழுந்து தேடியது, அதுவும் தப்பான அறையில். ஐந்தாவது வாரம் கோபம் வந்தது. கை நிறைய மணலை அள்ளி என் மேல் வீச வந்தாள். "உனக்கு என் மேல ரொம்பக் கோபம். மணல் ஆள் மேல எறியறதுக்கு இல்லை. அந்தப் பெரிய கரடி மேல எறியலாம்" என்றேன். முதலில் அவள் உணர்வு, அடுத்து எல்லை, அப்புறம் கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம். இந்த மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும். எல்லையை மட்டும் சொன்னால் குழந்தையின் காதில் அது திட்டாகத்தான் விழும். அன்று கரடி வாங்கிய அடிக்கு அளவே இல்லை.

ஏழாவது வாரம் என்னையே விளையாட்டுக்குள் இழுத்துவிட்டாள். "நீதான் பாப்பா. தூங்கு." படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் கதையைச் சொந்தமாக ஓட்டக் கூடாது. குழந்தையிடம் ரகசியக் குரலில் கேட்டுக்கொள்ள வேண்டும். "இப்ப பாப்பா என்ன செய்யணும்?" என்று கிசுகிசுத்தேன். "எந்திரிச்சு அழணும்" என்றாள். அழுதேன். "எதுக்கு அழறா பாப்பா?" என்று மறுபடி கிசுகிசுப்பு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க சொல்லாமப் போயிட்டாங்க."

எல்லோரும் அம்மாவின் நோய்தான் அவளைப் பயமுறுத்தியது என்று நினைத்திருந்தோம், நானும்தான். அவளை வாட்டியது நோய் இல்லை. சொல்லாமல் போனதுதான். ஒன்பதாவது வாரம் பெரிய பொம்மை போவதற்கு முன் சின்னப் பொம்மையை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போனது. பதினொன்றாவது வாரத்தில் பொம்மை வீட்டை விட்டுவிட்டுக் களிமண்ணில் யானை செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

ஏறக்குறைய ஒன்பது வாரம் ஒரே கதைதான். ஆனால் எழுத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் மாற்றங்கள் அறையில் அப்படித் தெரியாது. ஒரு பொம்மை திரும்பிப் படுத்தது என்ற அளவில்தான் இருக்கும். உங்கள் தெரபிஸ்டிடம் "இன்னிக்கு என்ன விளையாடினான்?" என்று கேட்காமல், "விளையாட்டின் முடிவு மாறுகிறதா? புதிதாக யாராவது உள்ளே வருகிறார்களா? ஆடி முடித்ததும் அவன் உடம்பின் இறுக்கம் தளர்கிறதா?" என்று கேளுங்கள். குழந்தையின் அந்தரங்கம் என்பதால் காட்சி காட்சியாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதற்குப் பதில் சொல்வார்கள். நாலைந்து செஷனுக்கு ஒரு முறை குழந்தை இல்லாமல் உங்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். இதுவரை நடக்கவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நகராத விளையாட்டும் உண்டு. 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தையே கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் பூமிக்கடியில் புதைத்த டிரக் பெட்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் தப்பி வந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பின்னால் சந்தித்துப் பேசிய மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களின் விளையாட்டில் ஒரு தனி வகையைக் கண்டு 1981இல் எழுதினார். நடந்ததையே ஏறக்குறைய அச்சாகத் திரும்ப ஆடுவார்கள், சிரிப்பு இருக்காது, முடிவு மாறாது, ஆடி முடித்தாலும் பதற்றம் இறங்காது. முகம் இறுகி, கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி ஒரு குழந்தை வாரக்கணக்கில் இப்படி ஆடினால், 'அவன் போக்கில் விடுவோம்' என்று காத்திருப்பது தப்பு. அங்கே தெரபிஸ்ட் மெல்ல உள்ளே நுழைய வேண்டும். உதவிக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவரலாம். "இவனுக்கு இப்ப யார் வேணும்?" என்று கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் முறையையே மாற்ற வேண்டும்.

சரி, வீட்டுப் பக்கம் வருவோம். அடம் கூடியதாகச் சொன்னீர்கள். அந்தச் சிறுமிக்கும் மூன்றிலிருந்து ஆறாவது வாரம் வரை அப்படித்தான். வாரத்தில் இரண்டு ராத்திரி நனைந்த படுக்கை நாலு ராத்திரி நனைந்தது. அம்மா பயந்துபோய் போன் செய்தார். அடக்கி வைத்திருந்ததை வெளியே விடலாம் என்று ஒரு குழந்தை கண்டுபிடித்ததும், பாதுகாப்பான இடத்தில், அதாவது உங்களிடம், முதலில் விடும். ஆனால் இதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் இறங்க ஆரம்பிக்கவில்லை என்றால், அல்லது தன்னையோ தம்பி தங்கையையோ காயப்படுத்தினால், அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் தினம் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன். அடம் பிடித்தாளா என்று இல்லை, பிடித்தால் எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் போனதும் அடங்கினாள் என்று. அடத்தின் எண்ணிக்கை பெரும்பாலும் கடைசியில்தான் குறையும், அதன் நீளம் முதலில் குறையும். ஐந்தாவது வாரம் 40 நிமிடம் நீண்ட அழுகை எட்டாவது வாரத்தில் 15 நிமிடம் ஆகியிருந்தது. நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் "தினமும் அழறா" என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். பிறகு ஒரு நாள் குளியலறைக் கதவு முன் நின்று, "சொல்லிட்டுப் போ" என்றாளாம். அலறல் போய் ஒரு வாக்கியம் வந்திருந்தது. நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இந்த மாதிரி மாற்றத்தைத்தான்.

செஷன் முடிந்து வெளியே வந்ததும் "ஜாலியா இருந்ததா? என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். அழுதுவிட்டு வந்த குழந்தை 'ஜாலி'க்கு என்ன பதில் சொல்லும்? "வா, போலாம்" என்றால் போதும். வீட்டில் அதே விளையாட்டை ஆடினால் பார்த்துக்கொண்டிருங்கள், அர்த்தம் சொல்லாதீர்கள். ஒரு அப்பா ஆசையோடு "இந்தப் பொம்மைதானே நான்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பையன் இரண்டு வாரம் என் அறையிலும் பொம்மையைத் தொடவில்லை. ஒற்றைப் படத்தை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். எல்லாவற்றையும் கறுப்பில் வரைந்த ஒரு குழந்தையைப் பற்றி வீடே கலங்கிப்போயிருந்தது. விசாரித்தால் மற்ற கிரேயான்களை அண்ணன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

பெற்றோரே செய்யக்கூடிய பகுதியும் ஒன்று உண்டு. வாரத்துக்கு அரை மணி நேரம், இதற்கென்றே எடுத்துவைத்த பொம்மைகள், போன் வேறு அறையில், குழந்தை சொல்வதுதான் விளையாட்டு. பெற்றோருக்கே இதைப் பழக்கும் முறையை 1960களில் பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதி உருவாக்கினார்கள். 2005இல் ப்ளே தெரபி பற்றிய 93 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், தெரபிஸ்ட் நடத்தியதைவிடப் பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது பலன் இன்னும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. உங்கள் தெரபிஸ்ட் இதைக் கற்றுத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். சும்மா வீட்டில் விளையாடுவதும் இதுவும் ஒன்றில்லை. கற்றுக்கொடுக்காமல், திருத்தாமல், கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

விளையாட்டால் தீராதவையும் இருக்கின்றன. காது சரியாகக் கேட்காததாலோ பேச்சு தாமதத்தாலோ சொல்ல முடியாத குழந்தைக்கு முதலில் அந்தப் பரிசோதனை வேண்டும். குழந்தையைப் பயமுறுத்தும் ஆளோ நிலைமையோ இன்னும் வீட்டில் இருந்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் மணலில் ஆடி அது ஆறாது. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

ஐந்து வாரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகியும் அறையிலும் வீட்டிலும் எதுவுமே நகரவில்லை என்றால் வேறொருவரிடம் போவதில் தப்பில்லை. ஆனால் எப்போது நிறுத்தினாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள், அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தச் சிறுமிக்கு மூன்று வாரம் முன்பே சொன்னோம். ஒரு கிண்ணத்தில் மூன்று மணிகள் போட்டுவைத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்றை எடுக்கச் சொன்னேன். கடைசி மணியை எடுத்த அன்று கிளம்பும்போது பொம்மை வீட்டுக்குள் தலையை நீட்டி, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.