ஆண்டு விழாத் தொகுப்புரை: மேடை காலியாகக் கிடக்காமல் எழுதும் முறை

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டு விழா மாலை 4 மணி முதல் 8 மணி வரை நடக்கும். மூன்று விருந்தினர்கள், பரிசளிப்பு, பன்னிரண்டு கலை நிகழ்ச்சிகள். தொகுப்புரை எழுதும் பொறுப்பு தமிழாசிரியையான என்னிடம் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே மேடை வெறுமையாகக் கிடந்தது. ‘அடுத்ததாக’ என்பதைத் தவிர வேறு சொல்லும் இல்லை. எப்படி எழுதினால் தொய்வில்லாமல் போகும்?

பதில்: எழுத உட்காருவதற்கு முன், நடனம், நாடகம், பாட்டு ஆகியவற்றின் பொறுப்பாசிரியர்களைப் பார்த்து, ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்ததும் மேடையிலிருந்து எவற்றை எடுக்க வேண்டும், அடுத்ததற்கு எவற்றை வைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்புரையின் நீளத்தை முடிவு செய்வது அந்த நேரம்தான். தனிப்பாடல் முடிந்து, பதிவு செய்த இசைக்கு ஆடும் குழு நடனம் வருகிறதென்றால் கால் நிமிடம் போதும். அங்கே இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எழுதினால் குழந்தைகள் உடையணிந்து பக்கத்திரையருகே காத்து நிற்பார்கள். கரகாட்டம் முடிந்து வில்லுப்பாட்டு வருகிறதென்றால் கதை வேறு. ஜமுக்காளம் விரிக்க வேண்டும், வில்லையும் குடத்தையும் பொருத்த வேண்டும், உட்கார்ந்து பாடுவோருக்கு ஏற்ப மைக்குகளைத் தாழ்த்த வேண்டும். இரண்டு நிமிடங்களாவது ஆகும். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் போகும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்துக்கு 180 சொற்கள் வரை தேவை. தொகுத்து வழங்கப்போகும் மாணவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து அவருடைய வேகத்தை அளந்துகொள்வது இன்னும் சரியாக இருக்கும்.

நீண்ட இணைப்புரையை எழுதும்போது, எந்த வாக்கியத்தில் நிறுத்தினாலும் குறைபட்டதாகத் தோன்றாதபடி ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்து நிற்கவிடுங்கள். வில்லுப்பாட்டுக்கு இப்படி எழுதலாம்: “தென்மாவட்டக் கோயில் கொடைகளில் இரவெல்லாம் ஒலிக்கும் கலை இது. வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் குலுங்கும். குடத்தின் வாயைத் தட்டித் தாளம் எழுப்புவார் ஒருவர். தலைமைப் பாடகர் கதை சொல்ல, மற்றவர்கள் ‘ஆமாம்’ போட்டு அதை நகர்த்துவார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையைச் சொன்னதும் இந்தக் கலையில்தான்.” பார்வையாளர் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இவ்வரிகள் சொல்லிவிடுவதால், அவை நேரத்தை நிரப்பப் பேசியவையாகத் தோன்றுவதில்லை. மேடை தயாரானதும் பக்கத்திரையில் நிற்கும் ஆசிரியர் கையுயர்த்த வேண்டும். கை உயர்ந்ததும் தொகுப்பாளர் படித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு அழைப்பு வரிக்குத் தாவ வேண்டும். அந்த அழைப்பு வரியைத் தாளில் கட்டமிட்டுக் காட்டுங்கள். அது மட்டும் எந்த நிலையிலும் விடுபடக் கூடாது.

முடிந்துபோன நிகழ்ச்சியைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். “கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தளித்த” என்று பன்னிரண்டு முறை வந்தால் யாரும் அதை நம்புவதில்லை. தாளின் தலைப்பில் ஒரு வரியைக் காலியாக விட்டு, தொகுப்பாளர் தம் கண்ணால் கண்டதை ஒரே வாக்கியமாக அங்கே எழுதிக்கொள்ளட்டும். இதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. எழுதி வைத்த பகுதி முழுவதும் வரப்போகும் நிகழ்ச்சியை மட்டுமே சார்ந்திருப்பதால், வரிசை மாறினாலும் உரை கெடாது. ஆண்டு விழாக்களில் வரிசை மாறத்தான் செய்யும்: சிறப்பு விருந்தினர் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லி ஆறேகாலுக்கு வருவார், அல்லது ஏழு மணிக்கே புறப்பட வேண்டும் என்பார். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு அட்டை, ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்து, மூலையில் எண் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நடனங்களை முன்னே இழுத்து உரையைப் பின்னே தள்ளுவது அட்டைகளை இடம் மாற்றும் வேலையாக மட்டும் இருக்கும்.

விருந்தினர் அறிமுகத்துக்கு ஒருவருக்கு முக்கால் நிமிடம் போதும். அவர் யார், இந்தப் பள்ளியோடோ ஊரோடோ அவருக்கு என்ன தொடர்பு, இன்று எதற்காக வந்திருக்கிறார் என்ற மூன்று செய்திகளே வேண்டியவை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கட்டும். பெயர், முன்னெழுத்து, பதவி, பட்டம் ஆகியவற்றை அழைப்பிதழிலிருந்து எடுக்காமல் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அழைப்பு வரியின் அமைப்பிலும் கவனம் தேவை. “திரு. இன்னார் அவர்களை மேடைக்கு வந்து தமது சீரிய கருத்துகளை நம்மோடு பகிர்ந்துகொள்ளுமாறு விழாக் குழுவின் சார்பில் அழைக்கிறோம்” என்று எழுதினால், பெயரைக் கேட்டவுடன் கைதட்டல் எழுந்து மீதி வரி அதில் மூழ்கிவிடும். செயலையும் பதவியையும் முன்னால் வைத்து, “தலைமையுரை ஆற்ற நம் பள்ளிச் செயலர் திரு. இன்னார் அவர்களை அழைக்கிறோம்” என்று முடித்தால் பெயரும் கைதட்டலும் ஒன்றுசேரும்.

பரிசளிப்பை ஒரே மூச்சில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெயரை வாசித்து, மாணவர் ஏறி, பரிசு வாங்கி, படம் எடுத்து இறங்கப் பன்னிரண்டு விநாடி என்று கொண்டாலும் 60 பரிசுகளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. வரிசை கலைந்தால் இருபதைத் தாண்டும். கல்வி, விளையாட்டு, இலக்கியப் போட்டி என்று மூன்றாகப் பிரித்து, மேடையில் அதிகப் பொருள் மாற்ற வேண்டிய இடைவெளிகளுக்கு முன் வையுங்கள். திரையை மூடி முன்மேடையில் பரிசு வழங்கும்போது பின்னால் நாடகத்துக்கான பொருள்களை அடுக்கிவிடலாம். விருந்தினர் முன்னதாகப் புறப்படுவதானால் மட்டும் இந்தப் பிரிப்பைக் கைவிட நேரும்.

அறிவிப்புகள் தொகுப்பாளரிடம் ஒரே ஒருவர் வழியாக, எழுத்தில் மட்டுமே வர வேண்டும். பலரும் வந்து காதில் சொல்வதுதான் தொகுப்பாளரைத் தடுமாற வைக்கிறது. வழியை மறிக்கும் வண்டியின் எண்ணை இரண்டு முறை வாசிக்கலாம். வழிதவறிய குழந்தை கிடைத்திருந்தால், “ஒரு குழந்தை மேடையின் இடப்புறம் ஆசிரியருடன் இருக்கிறது” என்பதோடு நிறுத்துங்கள். பெயரையும் உடையையும் பெற்றோரே வந்து சொல்லி உறுதிப்படுத்தட்டும். விருந்தினர் அறிமுகத்துக்கும் அவர் ஒலிபெருக்கியின் முன் வருவதற்கும் நடுவே எந்த அறிவிப்பும் நுழையக் கூடாது.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. “எழுந்து நிற்குமாறு வேண்டுகிறோம்” என்று சொன்ன பிறகு, கடைசி வரிசை எழும்வரை தொகுப்பாளர் பேசாமல் காத்திருக்க வேண்டும் என்பதை அட்டையிலேயே குறித்துவிடுங்கள். நாட்டுப்பண்ணுக்கும் இதே முறைதான். அது முடிந்த நொடியில் கூட்டம் கலையும், பிறகு சொல்வது எதுவும் காதில் விழாது என்பதால், பேருந்து புறப்படும் இடம், சிற்றுண்டி வழங்கும் இடம், நடன உடைகளைத் திருப்பித் தரும் வகுப்பறை ஆகிய அறிவிப்புகளை நன்றியுரைக்கு முந்தைய அட்டையிலேயே சேர்த்துவிடுங்கள்.