அப்ளிகேஷன்ல ரெஃபரி போடறது

வேலைக்கு ரெண்டு ரெஃபரி பேர் அனுப்ப சொல்றாங்க, யாரைப் போடறது, அவங்ககிட்ட முன்னாடியே என்ன சொல்லணும்?

ரெஃபரின்னா உங்க வேலைய நேர்ல பாத்தவங்க, கம்பெனி போன் பண்ணா உங்களப் பத்தி பேசக்கூடியவங்க. ரெஸ்யூமேல நீங்க எழுதினது நெஜமான்னு வேற ஒருத்தர் வாயால கேக்கத்தான் இது, சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்கற மாதிரி. அதனால சொந்தக்காரங்க வேணாம், உங்க வேலையே தெரியாத பெரிய ஆளும் வேணாம். பேர், பதவி, உங்களுக்கு என்ன தொடர்பு, போன், ஆபீஸ் மெயில் போதும்.

மொதல்ல அவங்ககிட்ட சரியான்னு கேளுங்க, அப்புறம் விளம்பரத்தையும் ரெஸ்யூமேயையும் அனுப்பி, "சார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் ரெண்டு வருஷம் நான்தான் போட்டேன், அதப்பத்தி கேப்பாங்க"ன்னு ஞாபகப்படுத்துங்க, வேலைல சேந்த மாசமும் விட்ட மாசமும் சொல்லிடுங்க, ஏன்னா பெரும்பாலும் தேதிலதான் நீங்க சொன்னதும் அவங்க சொல்றதும் ஒத்துப்போகாது. என்ன பேசணும்னு வசனம் எழுதிக் குடுக்காதீங்க, கேக்கறவங்களுக்கு தெரிஞ்சிரும்.

இப்ப இருக்கற மேனேஜரை கண்டிப்பா போடணும்னு பலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, பழைய மேனேஜரைப் போட்டுட்டு "இப்போதைய ஆபீஸ்ல, நீங்க எனக்கு ஆஃபர் குடுத்தப்புறம் மட்டும் விசாரிங்க"ன்னு எழுதலாம்.