வீடியோவுக்கு ஏது கடைசி சீட்?

மகளுக்கு டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸ் பார்த்தோம். ரூ.40,000. "100% ரிசல்ட் கேரண்டி, 7 சீட்தான் இருக்கு, இன்று இரவு 12 மணிக்கு மேல் ஃபீஸ் ஏறும்" என்கிறார்கள். வாட்ஸ்அப் சாட்டை முழுதாக அனுப்பியிருக்கிறேன். சேர்க்கலாமா? (குடியாத்தம் வாசகி)

முழு சாட்டையும் அனுப்பிய உங்களுக்கு முதலில் நன்றி, அம்மா. பாதிப் பேர் அனுப்புவதில்லை.

உங்கள் சாட்டில் 'ரிசல்ட்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. அது வேலையா, சான்றிதழா, தேர்வில் பாஸா? ஓரிடத்திலும் இல்லை. உங்கள் மகள் "எத்தனை மாதத்தில் வேலை, எவ்வளவு சம்பளம்?" என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். வந்த பதில்: "அது உங்க டெடிகேஷனைப் பொறுத்தது மேடம், கால் பண்ணட்டுமா?" கேரண்டி அந்த வரியோடு முடிந்துவிட்டது. கிடைத்தால் அவர்கள் திறமை, கிடைக்காவிட்டால் உங்கள் பெண்ணின் சோம்பல். அவர்களே அனுப்பிய ரசீது மாதிரியைப் பாருங்கள். அங்கே கேரண்டி இல்லை, 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று இருக்கிறது. நாலு கம்பெனி லிங்க் அனுப்பினாலே அசிஸ்டன்ஸ் ஆகிவிடும்.

அப்புறம் அந்த 'கால் பண்ணட்டுமா'. குறிப்பாக ஒன்றைக் கேட்டால் உடனே போனுக்குத் தாவுவார்கள், ஏனென்றால் போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பேசி முடித்ததும் "நீங்கள் இப்போது சொன்னது: ஆறு மாதத்தில் வேலை, இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப. சரிதானே?" என்று சாட்டில் போடுங்கள். 'ஆமாம்' வராது. கட்டைவிரல் எமோஜி வந்தால் அது பதில் ஆகாது.

இனி சீட்டுக்கு வருகிறேன். இதை எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த ஊர்க்காரர்கள் நாம். 'சீட் இல்லை' என்றால் கால் தானாக ஓடும், அது அவர்களுக்கும் தெரியும். நீங்கள் வாங்கப்போவது பதிவு செய்த வீடியோ. ஏழு பேர் பார்த்தாலும் ஏழாயிரம் பேர் பார்த்தாலும் அது தேயாது. நேரலை வகுப்பு என்றால், ஒரு பேட்சில் எத்தனை பேர், பாடம் எடுப்பவர் யார், அடுத்த பேட்ச் என்றைக்கு என்று கேளுங்கள். உண்மையிலேயே இடம் குறைவாக இருப்பவர் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்வார். உங்களுக்கு வந்தது ஓடும் கடிகாரப் படம். ஆற்காட்டிலிருந்து உங்கள் தங்கை மகன் அதே மாலை வேறு எண்ணிலிருந்து விசாரித்தபோது '2 சீட்' என்றார்களாம். உங்களுக்கு 7, அவனுக்கு 2. இரண்டு நாள் கழித்து உங்களுக்கே மறுபடி 7! எழுந்து போன அந்தப் பேர்வழிகள் யாரோ?

வேலை நிச்சயம் என்ற பொய் வாக்குறுதியும், இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு விதி போட்டிருக்கிறது. இரவு 12 மணி போகட்டும். மறுநாள் காலையில் அதே ஃபீஸுக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

ரூ.2,000 கட்டி சீட் புக் செய்துவிட்டேன். மீதி 38,000 கட்டாவிட்டால் அது போய்விடுமாம். (ராணிப்பேட்டை)

போனால் 2,000 போகட்டும். அதைக் காப்பாற்ற 38,000 கட்டாதீர்கள்.

மாதம் 5% லாபம் கேரண்டி என்று ஷேர் டிரேடிங் கோர்ஸ்... (ஆரணி)

சந்தையில் லாபத்துக்கு உறுதி கொடுக்க செபி யாரையும் அனுமதிப்பதில்லை. அடுத்த கடிதம்.

இந்த கோர்ஸ் நல்லதா சார்? (காட்பாடி)

எந்த கோர்ஸ், தம்பி? நீங்கள் அனுப்பிய படத்தில் பேட்டரி 14% என்பது மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது.

வட்டியில்லா தவணையில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, வகுப்புக்குப் போவதில்லை. தவணை மட்டும் பிடிக்கிறார்கள். (ஆம்பூர்)

நீங்கள் ஓடிபி சொன்ன அன்றே உங்கள் பெயரில் கடன் எழுதியாகிவிட்டது. கோர்ஸ்காரர் பணத்தை வாங்கிக்கொண்டார், நீங்கள் பாக்கி வைத்திருப்பது நிதி நிறுவனத்திடம். தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிபடும். இப்படிப்பட்ட டிஜிட்டல் கடனிலிருந்து அபராதமில்லாமல் விலக ஆரம்பத்தில் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு, உங்களுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். இப்போது கோர்ஸ்காரரிடமும் கடன் கொடுத்தவரிடமும் ஒரே மின்னஞ்சலில் ரத்து கேளுங்கள். மறுபடி சொல்கிறேன், போனில் அல்ல, எழுத்தில்.

ரீஃபண்ட் தர மறுக்கிறார்கள். கம்பெனி பெங்களூரில். அங்கே அலைய வேண்டுமா? (வாலாஜாப்பேட்டை)

வேண்டாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சாட்டை இன்றைக்கே 'எக்ஸ்போர்ட்' செய்து வையுங்கள். அவர்கள் பக்கம் அழிக்க ஆரம்பித்தால் உங்கள் கையில் வெறும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' மட்டும் மிஞ்சும்.

ரீஃபண்ட் அனுப்புகிறோம், யுபிஐ பின் போடுங்கள் என்று போன் வருகிறது. (வேலூர், சத்துவாச்சாரி)

பணம் வாங்கப் பின் தேவையில்லை. போட்டுவிட்டீர்களா? அப்படியானால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.